சிவப்புக் கட்டமும் மளிகைச் சீட்டும்

எங்கள் குடியிருப்பின் பெற்றோர்களுக்கு,

லிஃப்ட் பக்கத்து அறிவிப்புப் பலகையில் மூன்று நாளாக ஒரு நோட்டீஸ் தொங்குகிறது. வரும் ஞாயிறு காலை நம் கிளப் ஹவுசில் குழந்தைகளுக்கான உணவு ஒத்துக்கொள்ளாமைப் பரிசோதனை முகாம். விரல் நுனியில் ஒரு குத்து, சில சொட்டு ரத்தம், 90 உணவுகளுக்கு அறிக்கை. பத்துக் குழந்தைகள் சேர்ந்தால் தள்ளுபடி. நேற்று மாலை பார்த்தபோது கீழே பதினேழு பெயர்கள் எழுதியிருந்தன. அவற்றில் நாலைந்து பிள்ளைகளைப் பிறந்ததிலிருந்தே எனக்குத் தெரியும். பேசாமல் இருக்க மனசு வரவில்லை.

என்னைத் தெரியாதவர்களுக்கு: சி பிளாக் தரைத்தளத்தில் இருக்கிறேன். ஓய்வு பெறும்வரை 31 வருடம் மருத்துவ ஆய்வகங்களில் உயிர்வேதியியல் பார்த்தவள். கடைசிப் பத்து வருடம் இந்த மாதிரிச் சோதனைகள் நடக்கும் எலைசா பிரிவில். நான் டாக்டர் இல்லை. ஆனால் அந்த அறிக்கையில் வரும் எண் எங்கே, எப்படிப் பிறக்கிறது என்பதைக் கைபடப் பார்த்தவள். அதைத்தான் சொல்லப்போகிறேன்.

என் தங்கை மகள் திருப்பூரில் இருக்கிறாள். அவள் மகனுக்கு ஒன்பது வயது. போன வருடம் தொடக்கத்திலிருந்தே அவனுக்கு அடிக்கடி வயிற்றுவலி, உப்புசம், சாப்பாட்டில் வெறுப்பு. யாரோ சொன்னார்கள் என்று மார்ச் மாதம் இதே வகைப் பரிசோதனையைச் செய்துவிட்டு, அறிக்கையோடு என் வீட்டுக்கு வந்தாள். ஆறு பக்கம், பளபளப்பான தாள். ஒவ்வொரு உணவுக்கும் எதிரே ஓர் எண், ஒரு வண்ணக் கட்டம். 24க்குக் கீழே பச்சை, 30 வரை மஞ்சள், அதற்கு மேலே சிவப்பு. பசும்பால் 86. முட்டை வெள்ளைக்கரு 64. கோதுமை 52. நிலக்கடலை 41. எல்லாம் சிவப்பு. அரிசிகூட 27 என்று மஞ்சளில் நின்றது.

"பெரியம்மா, இவனுக்கு இனி என்னதான் குடுக்கறது?" என்று கேட்டவள் அழுதுவிட்டாள்.

நான் சிவப்பைப் பார்க்கவில்லை, பச்சையைப் பார்த்தேன். சிப்பி, முயல் கறி, கிரான்பெர்ரி, அஸ்பாரகஸ், பாதாம். எல்லாம் ஒற்றை இலக்கம். "இதில் எதையாவது இவன் வாழ்நாளில் சாப்பிட்டிருக்கிறானா?" என்று கேட்டேன். தீபாவளிக்கு யாராவது கொடுக்கும் பாதாம் நாலைந்து தவிர வேறொன்றும் இல்லை. சிவப்பில் இருப்பவை? காலையிலும் ராத்திரியும் பால், தினம் ஒரு முட்டை, ராத்திரிக்குச் சப்பாத்தி, பள்ளி விட்டு வந்ததும் கடலை மிட்டாய். அந்த அறிக்கையை அவள் வீட்டு மளிகைச் சீட்டுக்குப் பக்கத்தில் வைத்திருந்தால் எது எதன் நகல் என்று சொல்ல முடியாது.

இது ஏன் இப்படி வருகிறது என்பதைப் புரிந்துகொள்ள, ரத்தம் ஆய்வகத்துக்குப் போனபின் என்ன நடக்கிறது என்று பார்க்க வேண்டும். எலைசா நடப்பது உள்ளங்கை அளவுள்ள ஒரு பிளாஸ்டிக் தட்டில். அதில் 96 சின்னக் குழிகள். ஒவ்வொரு குழியின் அடியிலும் ஓர் உணவின் புரதச் சாற்றைப் பூசி உலர்த்தியிருப்பார்கள்: ஒன்றில் பால், ஒன்றில் கோதுமை, ஒன்றில் கடலை. மிச்சக் குழிகள் அளவுகோலுக்கும் கட்டுப்பாட்டு மாதிரிக்கும். குழந்தையின் ரத்தத்திலிருந்து பிரித்த சீரத்தை நன்றாக நீர்த்து எல்லாக் குழிகளிலும் விடுவோம். பாலின் புரதத்தை அடையாளம் காணும் எதிர்ப்பொருள், அதாவது ஆன்டிபாடி, அந்தச் சீரத்தில் இருந்தால் பால் குழியின் அடியில் போய் ஒட்டிக்கொள்ளும். மற்றதையெல்லாம் கழுவிக் கொட்டிவிடுவோம். பிறகு, மனித ஐஜிஜி என்னும் வகை எதிர்ப்பொருளைப் பார்த்தால் மட்டும் ஒட்டிக்கொள்ளும் இன்னொரு பொருளை விடுவோம். அதன் வாலில் ஒரு நொதி கட்டியிருக்கும். மறுபடி கழுவல். கடைசியாக ஒரு சாயத் திரவம். நொதி இருக்கும் குழியில் அது நீலமாகும். அமிலம் ஒரு துளி விட்டால் மஞ்சளாகும். அந்த மஞ்சள் எவ்வளவு அடர்த்தி என்று கருவி 450 நானோமீட்டர் ஒளியில் அளந்து எண்ணாக்கித் தரும்.

சோதனை இவ்வளவுதான். நேர்மையாகச் செய்தால் எண் சரியாகவே இருக்கும். என் சண்டை எண்ணோடு இல்லை. 'பால் புரதத்தை அடையாளம் காணும் ஐஜிஜி இந்த ரத்தத்தில் இவ்வளவு இருக்கிறது' என்பதுதான் அந்த எண் சொல்லும் சேதி. 'இந்தக் குழந்தைக்குப் பால் ஒத்துக்கொள்ளவில்லை' என்பது அதன்மேல் யாரோ எழுதி ஒட்டிய சேதி. குழியில் சாயம் ஏறும்போது குழந்தையின் வயிறு அங்கே இல்லை.

சரி, ஒத்துக்கொள்ளும் உணவுக்கு உடம்பு ஏன் எதிர்ப்பொருள் செய்ய வேண்டும்? பெயரில் இருக்கும் 'எதிர்ப்பு'தான் நம்மைக் குழப்புகிறது. நாம் சாப்பிடும் புரதத்தில் பெரும்பகுதி குடலில் துண்டு துண்டாகிவிடும். ஆனாலும் மிகச் சிறிய அளவு முழுசாகவோ அரைகுறையாகவோ ரத்தத்துக்குள் நுழைகிறது. இது எல்லோருக்கும் நடப்பது, நோயில்லை. புதிய ஆளைப் பார்த்த காவலாளி வருகைப் பதிவேட்டில் பெயர் எழுதுவதுபோல, உடம்பு அந்தப் புரதத்துக்கு ஐஜிஜி செய்து வைக்கிறது. நம் கேட்டில் இருக்கும் பதிவேட்டையே எடுத்துக்கொள்ளுங்கள். அதில் அதிகமுறை எழுதியிருக்கும் பெயர் பால்காரருடையது. அதை வைத்து அவர்தான் திருடன் என்று யாராவது சொன்னால் என்ன செய்வீர்கள்?

ஐஜிஜியில் நான்கு உட்பிரிவுகள் உண்டு. இப்படி விற்கும் சோதனைகளில் சில மொத்த ஐஜிஜியையும், சில நான்காம் பிரிவை மட்டும் தனியாகவும் அளக்கின்றன. நான்காம் பிரிவுதான் நீண்ட நாள் பழக்கத்தில் ஏறுவது. நெதர்லாந்தைச் சேர்ந்த ராப் ஆல்பெர்சே என்ற ஆய்வாளரும் அவர் சகாக்களும் 1983இல் இதைத் தேனீ வளர்ப்பவர்களிடம் பார்த்தார்கள். புதிதாகத் தொழிலுக்கு வந்தவர்கள் ரத்தத்தில் தேனீ விஷத்துக்கு முதல் பிரிவு ஐஜிஜி முன்னால் நின்றது. வருடக்கணக்கில் கொட்டு வாங்கியவர்களிடம் நான்காம் பிரிவே ஓங்கியிருந்தது. அந்தப் பழையவர்கள்தான் கொட்டைப் பொருட்படுத்தாமல் வேலை பார்ப்பவர்கள். ஐஜிஜி4க்கு மற்றப் படைகளைக் கூப்பிட்டு வீக்கம் உண்டாக்கும் திறன் மிகக் குறைவு. நிஜமான ஒவ்வாமையை உண்டாக்கும் ஐஜிஇ என்னும் வேறொரு எதிர்ப்பொருள் ஒவ்வாமைப் பொருளைப் பிடிப்பதற்குள் இது முந்திக்கொண்டு பிடித்து வழியை அடைப்பதும் உண்டு.

உணவிலும் இதையே பார்த்தாயிற்று. லண்டனில் கிடியன் லாக் குழுவினர் 640 கைக்குழந்தைகளை வைத்து நடத்திய ஆய்வு 2015இல் வெளிவந்தது. எல்லாம் கடுமையான கரப்பானோ முட்டை ஒவ்வாமையோ இருந்த, அதாவது கடலை ஒவ்வாமை வரும் ஆபத்து அதிகமுள்ள குழந்தைகள். பாதிப் பேருக்குக் கடலையை வாரந்தோறும் ஊட்டினார்கள், மறுபாதிக்கு ஐந்து வயது வரை கண்ணில் காட்டவில்லை. ஐந்து வயதில், கடலையைத் தவிர்த்தவர்களில் நூற்றுக்குப் பதினேழு பேருக்குக் கடலை ஒவ்வாமை. சாப்பிட்டவர்களில் நூற்றுக்கு மூன்று பேருக்குத்தான். யார் ரத்தத்தில் கடலைக்கான ஐஜிஜி4 உயர்ந்திருந்தது? சாப்பிட்டவர்கள் ரத்தத்தில். நம் கிளப் ஹவுசுக்கு வரும் அறிக்கை இந்த நல்ல குழந்தைகளுக்குத்தான் கடலைக்கு எதிரே சிவப்பு போட்டிருக்கும்.

ஐரோப்பாவின் ஒவ்வாமை மருத்துவர் கழகம் 2008இலேயே இதைப் பற்றி அறிக்கை வெளியிட்டது. உணவுக்கான ஐஜிஜி4 இருப்பது அந்த உணவைத் திரும்பத் திரும்பச் சந்தித்ததைக் காட்டுகிறது, ஒவ்வாமையையோ ஒத்துக்கொள்ளாமையையோ அல்ல. உணவால் வரும் தொந்தரவைக் கண்டுபிடிக்க இதைச் செய்யக் கூடாது என்பது அதன் சாரம். அமெரிக்கக் கழகம் அதை ஏற்றது. கனடாவின் கழகம் 2012இல் தன் பங்குக்கு அதையே சொன்னது. இத்தனைக்குப் பிறகும் நம் ஊரில் முகாம் போடுகிறார்கள் என்றால், மருத்துவரின் சீட்டு கேட்காமல் நேரே நம்மிடம் விற்க முடிகிறது என்பதுதான் காரணம்.

சிவப்புக்கும் பச்சைக்கும் நடுவே கோடு யார் போட்டது என்று ஒரு கேள்வி வரும். உருப்படியான ஒரு சோதனையில் அந்த உணவால் அவதிப்படுகிறவர்கள், படாதவர்கள் என இரு கூட்டத்தின் ரத்தத்தையும் அளந்து, இரண்டையும் பிரிக்கும் இடத்தில் கோடு போடுவார்கள். பல உணவுகளை ஒன்றாகப் பார்க்கும் இந்தப் பேனல்களில் பெரும்பாலானவை அப்படிச் செய்வதில்லை. நான் வேலை பார்த்த இடத்தில் ஒருமுறை இப்படியொரு கிட் வந்து இறங்கியது. விற்பனைக்கு முன் சரிபார்க்க வேண்டுமென்று ஊழியர்கள் பன்னிரண்டு பேர் ரத்தம் கொடுத்தோம். யாருக்கும் ஒரு வயிற்றுத் தொந்தரவும் கிடையாது. பன்னிரண்டு பேருக்கும் குறைந்தது மூன்று சிவப்பு. ராமநாதபுரத்திலிருந்து வந்த டெக்னீஷியனுக்கு மீன் வகைகள் வரிசையாக எகிறின. சைவக் குடும்பத்துப் பெண்ணுக்கு மீனெல்லாம் பச்சை, பால் மட்டும் கருஞ்சிவப்பு. அன்றைக்கு யார் வீட்டில் என்ன சமையல் என்று சொல்லிச் சொல்லிச் சிரித்தோம். கிட்டைத் திருப்பி அனுப்பவில்லை என்பதையும் சொல்லிவிடுகிறேன். அந்த முடிவு என் கையில் இல்லை. ஆனால் அன்று வாயைத் திறக்காமல் இருந்தது இன்றைக்கும் உறுத்துகிறது. இந்த மடலில் அதற்கும் ஒரு பங்கு உண்டு.

மறுபடி திருப்பூருக்கு வருகிறேன். நான் சொன்னதை அவள் அரைமனசோடு கேட்டுக்கொண்டாள். பணம் கட்டி வாங்கிய ஆறு பக்கத்துக்கு முன்னால் பெரியம்மாவின் வாய்வார்த்தை எம்மாத்திரம்? பால், முட்டை, கோதுமை, கடலை நான்கையும் நிறுத்தினாள். பசும்பாலுக்குப் பதில் பாதாம் பால், சப்பாத்திக்குப் பதில் ராகி. ஏப்ரல் பாதியிலிருந்து வலி குறைந்தது. மே மாதம் முழுக்க ஒரு நாள்கூட இல்லை. என்னைக் கூப்பிட்டு, "பார்த்தீங்களா பெரியம்மா" என்றாள். எனக்கும் ஒரு கணம் சந்தேகம் வந்தது, மறைக்கவில்லை.

ஜூனில் பள்ளி திறந்தது. இரண்டே வாரத்தில் வலி திரும்பிவிட்டது. சாப்பாடு அதே பத்தியம்தான். ஆகஸ்டில், பரிசோதனை நிறுவனத்தார் சொன்னபடி மறுபரிசோதனை. அந்த அறிக்கையை நான் இன்னும் வைத்திருக்கிறேன். பால் 86லிருந்து 29க்கு இறங்கியிருந்தது. முட்டை 21, பச்சை. கோதுமையும் மஞ்சளுக்கு வந்துவிட்டது. 'சிறப்பான முன்னேற்றம்' என்று மேலே எழுதியிருந்தார்கள். வலியால் அவன் பள்ளிக்கு மட்டம் போட்டுக்கொண்டிருந்த மாதம் அது. புதிதாக இரண்டு சிவப்பு: மார்ச்சில் 3ஆக இருந்த பாதாம் இப்போது 58. ராகி 38. இனி அவற்றையும் நிறுத்தச் சொன்னார்கள்.

எனக்கு இதைவிட நல்ல பாடம் வேறு கிடைக்காது. ரத்தத்தில் ஒரு ஐஜிஜி மூலக்கூறின் ஆயுள் குறைவு. சுமார் மூன்று வாரத்தில் இருப்பதில் பாதி கரைந்துவிடும். உடம்பு தொடர்ந்து செய்துகொண்டே இருப்பதால்தான் அளவு நிற்கிறது. உணவை நிறுத்தினால் தூண்டல் நிற்கும், உற்பத்தி குறையும், எண் மெல்ல இறங்கும். பாலை நிறுத்தியவனின் பால் எண் இறங்குவது, நான் ஊருக்குப் போயிருக்கும் மாதத்தில் என் கரண்ட் பில் இறங்குவது மாதிரி. அதைக் குணமாவதன் அடையாளமாகக் காட்டுவதுதான் இந்த வியாபாரத்தின் சூட்சுமம். நிறுத்தச் சொல்வதும் அவர்களே; நிறுத்தியதால் இறங்கிய எண்ணைக் காட்டிப் பெருமைப்படுவதும் அவர்களே.

இதற்குள் பையன் மூன்று கிலோ இளைத்திருந்தான். ஒன்பது வயதுப் பிள்ளை ஆறு மாதத்தில் ஏற வேண்டிய எடையை ஏறாததே தப்பு, இவன் இறங்கியிருந்தான். கோயம்புத்தூரில் ஒரு குழந்தைகள் குடல்நோய் மருத்துவரிடம் கூட்டிக்கொண்டு போனோம். அவர் அறிக்கையைத் தொடவில்லை. பையனைப் படுக்க வைத்து வயிற்றை அழுத்திப் பார்த்தார். பிறகு அவனிடமே கேட்டார்: "ஸ்கூல்ல டாய்லெட் போவியாப்பா?" அவன் தலையை ஆட்டி மறுத்தான். நாற்றம், தாழ்ப்பாள் இல்லை, பெரிய பையன்கள் கதவைத் தள்ளுவார்கள். காலையில் வேன் ஆறே முக்காலுக்கு. வீட்டில் போக நேரமில்லை. நாள் முழுக்க அடக்கி அடக்கி, கழிவு இறுகிக் குடலில் தேங்கியிருந்தது. வலியும் உப்புசமும் பசியின்மையும் அங்கிருந்து வந்தவை. லீவு மாதத்தில் வலி ஏன் போனது, ஜூனில் ஏன் வந்தது என்பதற்கு வேறு விளக்கம் தேவைப்படவில்லை. பத்தியம் பெயர் வாங்கிக்கொண்டது. வேலை செய்தது வீட்டுக் கழிப்பறை.

மலத்தை இளக்கும் பவுடர் சில மாதங்களுக்கு, சாப்பிட்டபின் பத்து நிமிடம் கழிப்பறையில் உட்காரும் பழக்கம், காலைப் பலகாரம் அரை மணி முன்னதாக. நிறுத்திய உணவுகள் எல்லாம் திரும்பி வந்தன. தீபாவளிக்குள் வலி போய்விட்டது, எடையும் ஏறத் தொடங்கியது. இப்போது அவன் ரத்தத்தை எடுத்தால் பால் மறுபடி சிவப்பில்தான் நிற்கும்.

ஒரு சிக்கல் மட்டும் நடுவில் வந்தது, அதைக் கட்டாயம் சொல்ல வேண்டும். எடை இறங்கியதால் சீலியாக் நோய் இருக்கிறதா என்று மருத்துவர் பார்க்க விரும்பினார். கோதுமையில் உள்ள குளூட்டனால் குடல் சேதமாகும் நோய் அது. அதற்கும் எதிர்ப்பொருள் சோதனைதான். ஆனால் அது உணவுக்கு எதிரான ஐஜிஜியை எண்ணுவதில்லை. குடலிலுள்ள நம் சொந்தப் புரதம் ஒன்றுக்கு எதிராக உடம்பு செய்யும் ஐஜிஏ வகை எதிர்ப்பொருளை முக்கியமாகத் தேடுகிறது. நோயாளிகளையும் மற்றவர்களையும் ஒப்பிட்டுச் சோதித்து நிலைபெற்ற சோதனை. ஆனால் கோதுமையைத் தினமும் சாப்பிட்டுக்கொண்டிருக்கும்போது எடுத்தால்தான் சரியாகக் காட்டும். இவனோ ஐந்து மாதமாகக் கோதுமையைத் தொடவில்லை. நோய் இருந்தால்கூட மறைந்திருக்கும். ஆகவே முதலில் சில வாரங்கள் தினமும் சப்பாத்தி சாப்பிட வைத்து, அப்புறம் ரத்தம் எடுத்தார்கள். நல்லவேளையாக நோய் இல்லை. இருந்திருந்தால், பளபளப்புத் தாள் சொன்ன பத்தியம் கண்டுபிடிப்பை மாதக்கணக்கில் தள்ளிப்போட்டிருக்கும்.

'ஆனால் இதைச் செய்து குணமானவர்கள் இருக்கிறார்களே, ஆய்வே இருக்கிறதே' என்று ஞாயிற்றுக்கிழமை சொல்வார்கள். இருக்கிறது. 2004இல் இங்கிலாந்தில் எரிச்சல் குடல் நோயுள்ள 150 பேரிடம் நடந்தது அது. பாதிப் பேருக்கு ஐஜிஜி சொன்ன உணவுகளை விலக்கினார்கள். மீதிப் பேருக்கு அதே எண்ணிக்கையில் வேறு உணவுகளைப் போலியாக விலக்கினார்கள். பன்னிரண்டு வாரத்தில் நிஜப் பத்தியக்காரர்களுக்குச் சற்றே கூடுதல் நிவாரணம். ஆனால் இரு பட்டியலையும் எடுத்துப் பாருங்கள். நிஜப் பட்டியலில் நூற்றுக்கு எண்பதுக்கு மேற்பட்டோருக்குப் பால் நின்றது, ஏறத்தாழப் பாதிப் பேருக்குக் கோதுமை. போலிப் பட்டியலில் பால் அநேகமாக யாருக்கும் நிற்கவில்லை. எரிச்சல் குடல் உள்ளவர்களுக்குப் பாலில் உள்ள லாக்டோசும் கோதுமையில் உள்ள ஒருவகைச் சர்க்கரையும் உப்புசம் தரும் என்பது எதிர்ப்பொருள் எதுவும் இல்லாமலே தெரிந்த விஷயம். ரத்தம் எடுக்காமல் எல்லோருக்கும் பாலைக் குறைத்திருந்தாலும் இதே பலன் வந்திருக்கக்கூடும்.

2025இல் அமெரிக்காவில் இன்னும் கவனமாகக் கட்டிய ஓர் ஆய்வு வெளிவந்தது. நியாயத்துக்கு அதையும் சொல்கிறேன். அதில் நோயாளிகளையும் ஆரோக்கியமானவர்களையும் ஒப்பிட்டுக் கோடு போட்டிருந்தார்கள், பதினெட்டே உணவுகள். வலி குறைந்தவர்கள் நூற்றுக்கு அறுபது பேர். போலிப் பத்தியத்தில் நாற்பத்திரண்டு பேர். இது தொடர்ந்து பார்க்க வேண்டிய விஷயம்தான். ஆனால் அது எரிச்சல் குடல் என்று மருத்துவர் உறுதி செய்த பெரியவர்களிடம் செய்தது. நம் வீட்டு ஏழு வயதுப் பிள்ளைக்கு விரலில் குத்தி 90 உணவு பார்ப்பதற்கு அதைச் சாட்சியாக இழுப்பது, ஒரு வீட்டுப் பத்திரத்தை வைத்து இன்னொரு வீட்டை விற்பது மாதிரி. அந்தப் போலிப் பத்தியத்து நாற்பத்திரண்டையும் கவனியுங்கள். எந்த உணவை நிறுத்தினாலும் கிட்டத்தட்ட நூற்றுக்கு நாற்பது பேர் தேறுகிறார்கள். உங்களுக்குத் தெரிந்த 'குணமானவர்' அவர்களில் ஒருவராக இருக்கலாம்.

சிவப்பைவிட எனக்குப் பயம் தருவது பச்சை. சாப்பிட்ட சில நிமிடங்களிலிருந்து இரண்டு மணி நேரத்துக்குள் தடிப்பு, உதடு வீக்கம், மூச்சிரைப்பு, வாந்தி வந்தால் அது ஐஜிஇ வழி வரும் நிஜ ஒவ்வாமை. உயிருக்கே ஆபத்து. இந்தப் பேனல் ஐஜிஇயை அளப்பதே இல்லை. முந்திரி சாப்பிட்டு ஒருமுறை உதடு வீங்கிய பிள்ளைக்கு, பயந்து அதற்குப் பின் முந்திரியே கொடுக்காததால், முந்திரிக்கு எதிரே பச்சைக் கட்டம் வரலாம். அதை நம்பி யாராவது முந்திரி கேக்கை நீட்டினால்? அப்படி ஒரு முறை நடந்திருந்தாலும் ஒவ்வாமை மருத்துவரிடம் நேரே போங்கள். இன்னொன்று: கரப்பான் உள்ள குழந்தைகளுக்குப் பாலையோ முட்டையையோ நீண்ட நாள் நிறுத்திவிட்டுத் திரும்பக் கொடுத்தபோது, முன்பு சாதாரணமாகச் சாப்பிட்டுக்கொண்டிருந்த பிள்ளைகளுக்கே கடும் ஒவ்வாமை வந்தது பதிவாகியிருக்கிறது. பழகிய உணவை விட்டால் பழக்கமும் விட்டுப்போகும்.

பால் குடித்தால் வயிறு பொருமுகிறது என்பது நம் பக்கம் மிகச் சகஜம். பாலிலுள்ள சர்க்கரையை உடைக்கும் நொதி வயது ஏற ஏறக் குறைவதால் வருவது அது. தென்னிந்தியப் பெரியவர்களில் பாதிக்கு மேல் இப்படித்தான். இதில் எதிர்ப்பொருளுக்கு வேலையே இல்லை. எந்த ஐஜிஜி எண்ணும் இதைக் காட்டாது. இரண்டு வாரம் பாலை நிறுத்திப் பார்த்து, மறுபடி ஒரு டம்ளர் கொடுத்துப் பார்த்தால் வீட்டிலேயே ஏறத்தாழத் தெரிந்துவிடும். பலருக்குத் தயிரும் மோரும் ஒத்துக்கொள்ளும்.

வேறெந்த உணவைச் சந்தேகப்பட்டாலும் இதே வழிதான். ஒரு நோட்டில் சாப்பிட்டது, வலி வந்த நேரம், மலம் போனது, அன்றைக்குப் பள்ளி உண்டா இல்லையா என்று இரண்டு வாரம் எழுதுங்கள். ஒரே ஒரு உணவை மட்டும் இரண்டு, மூன்று வாரம் நிறுத்துங்கள். பிறகு திரும்பக் கொடுங்கள். திரும்பக் கொடுக்காமல் விட்டால் சோதனை பாதியில் நிற்கிறது. நிறுத்தினால் போவதும் கொடுத்தால் வருவதும் ஒரு தடவைக்கு மேல் நடந்தால்தான் அந்த உணவைக் குற்றம் சொல்லலாம். எடை குறைவது, மலத்தில் ரத்தம், ராத்திரித் தூக்கத்திலிருந்து வலியோடு எழுவது, தொடர் வாந்தி, காய்ச்சல் ஆகியவற்றில் ஏதாவது இருந்தால் நோட்டும் வேண்டாம் ஒன்றும் வேண்டாம், மருத்துவரிடம் போங்கள்.

முகாமுக்கு வருகிறவர்களிடம் ஒரே கேள்வி கேட்டால் போதும். "எந்தத் தொந்தரவும் இல்லாத நூறு குழந்தைகளுக்கு இந்தச் சோதனையைச் செய்தால் எத்தனை பேருக்குச் சிவப்பு வரும்?" இதற்கு எண்ணோடு எழுதிய பதில் தந்தால் எனக்கும் காட்டுங்கள், என் கருத்தை மாற்றிக்கொள்கிறேன். 'இது நோய் கண்டறியும் சோதனை அல்ல' என்று அறிக்கையின் கடைசிப் பக்கத்தில் பொடி எழுத்தில் இருந்தால், அந்த வரியை முதல் பக்கத்தில் பெரிதாகப் போடச் சொல்லுங்கள்.

சங்கச் செயலாளருக்குத் தனியாக எழுதியிருக்கிறேன்: கிளப் ஹவுசை இந்த முகாமுக்குத் தர வேண்டாம் என்று. பெயர் கொடுத்த பதினேழு வீட்டாரும் அதை ஆதரித்துக் கையெழுத்துப் போட்டால் நோட்டீஸ் சனிக்கிழமையே இறங்கிவிடும். ஏற்கெனவே வேறெங்காவது இந்தப் பரிசோதனையைச் செய்து, பிள்ளைக்குப் பாலையும் முட்டையையும் நிறுத்தி வைத்திருக்கிறவர்கள் இருந்தால், தயங்காமல் சி பிளாக்குக்கு வாருங்கள். மாலை ஐந்து மணிக்கு மேல் வீட்டில்தான் இருப்பேன். அறிக்கையைக் கொண்டு வாருங்கள். போன மூன்று மாத மளிகைச் சீட்டையும் கையோடு எடுத்து வாருங்கள்.

அன்புடன்,
சி பிளாக் தரைத்தளத்திலிருந்து
உங்கள் பழைய லேப்காரி